டிப்ளமோவுக்கு மேல் ஒரு சான்றிதழ்: மருத்துவமனை வாசலில் ஏமாற்றப்படும் நம் பிள்ளைகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாளே பேருந்து நிலையச் சுவர்களில் சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. 'பாராமெடிக்கல் டிப்ளமோ, நூறு விழுக்காடு வேலை உறுதி' என்பது அதில் பெரிய எழுத்து. அதை நம்பி ஓராண்டோ ஈராண்டோ படித்து முடித்த பிள்ளைகள் மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போகிறார்கள். 'டயாலிசிஸ் தெரியுமா? தியேட்டர் அனுபவம் உண்டா? இரத்தம் எடுப்பீர்களா?' என்று அங்கே கேட்கிறார்கள். தெரியாது என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வரும் பிள்ளைக்காக அதே தெருவில் இரண்டாவது கடை திறந்திருக்கிறது. மூன்று மாதத்தில் டயாலிசிஸ் டெக்னீசியன், மூன்று மாதத்தில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன், ஒரு மாதத்தில் இரத்தம் எடுக்கும் பயிற்சி என்று டிப்ளமோவுக்கு மேல் ஒட்டவைக்கும் சான்றிதழ்கள் அங்கே விற்கப்படுகின்றன.

இந்தக் கடையின் வாடிக்கையாளர் யார்? மருத்துவர் வீட்டுப் பிள்ளை அங்கே போவதில்லை. நீட் பயிற்சிக்கு இலட்சங்களைக் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளையும் போவதில்லை. சேரியிலிருந்தும் ஊர்ப்புறத்துக் கூலிக் குடும்பங்களிலிருந்தும் முதன்முதலாக வெள்ளைக் கோட்டு அணிய ஆசைப்பட்ட பிள்ளைகளே போகிறார்கள். எந்தச் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும் என்று சொல்லித்தர அவர்கள் வீட்டில் ஆளில்லை. ஆகவே அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில், 'சான்றிதழ்' என்ற ஒரே பெயரில் புழங்கும் தாள்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகை, அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடக்கும் சான்றிதழ்ப் படிப்பு. டயாலிசிஸ் டெக்னீசியன், தியேட்டர் டெக்னீசியன், மயக்கவியல் டெக்னீசியன் போன்றவை ஓராண்டுப் படிப்புகள். மருத்துவ ஆய்வக நுட்பத்திற்கு ஈராண்டு டிப்ளமோ உண்டு. மதிப்பெண் அடிப்படையில், இடஒதுக்கீட்டின்படி மாணவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். கட்டணமும் குறைவு. பயிற்சி நடக்கும் இடமோ நோயாளிகள் நிரம்பிய பெரிய மருத்துவமனை.

இரண்டாம் வகை, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற பல்கலைக்கழகங்கள் தரும் பட்டம். டயாலிசிஸ் தொழில்நுட்பத்திலும், அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பத்திலும் பி.எஸ்சி. படிப்புகள் அங்கே உண்டு.

மூன்றாம் வகை, ஒன்றிய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் சுகாதாரத் துறைத் திறன் குழுமம் மதிப்பீடு செய்து தரும் சான்றிதழ். இதில் டயாலிசிஸ், அறுவை அரங்கு, இரத்தம் எடுத்தல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பணிப் பாடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இது போலியன்று. ஆனால் இது சில நூறு மணி நேரத் திறன் பயிற்சிக்கான சான்று மட்டுமே.

நான்காம் வகைதான் சுவரொட்டியில் இருப்பது. ஓர் அறக்கட்டளை அல்லது சங்கம் தானே பாடத்திட்டம் எழுதி, தானே தேர்வு வைத்து, தானே முத்திரை குத்தித் தரும் தாள். அதில் 'அரசுப் பதிவு பெற்றது' என்றிருக்கும். பதிவு பெற்றது அறக்கட்டளைதான், படிப்பு அல்ல. ஐ.எஸ்.ஓ. தரச்சான்று என்றிருக்கும். அது அலுவலக நிர்வாக நடைமுறைக்குத் தரப்படுவது, பாடத்திற்கு அல்ல. சிறு, குறு தொழில் பதிவு எண் இருக்கும். ஒரு தையல் கடைக்கும் அந்த எண் கிடைக்கும். 'அகில இந்திய பாராமெடிக்கல் கவுன்சில்' என்பதுபோல் ஒரு பெரிய பெயரும் இருக்கும். சட்டப்படி அமைந்த ஆணையத்தின் பெயரைப் போலவே ஒலிப்பதற்காக அப்படிப் பெயர் வைக்கிறார்கள்.

சட்டப்படி அமைந்தது எது என்பதையும் பார்ப்போம். 2021 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. டயாலிசிஸ், அறுவை அரங்கு, ஆய்வகத் தொழில்நுட்பர்கள் உள்ளிட்ட பல பிரிவினரை அது ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. மாநிலந்தோறும் ஒரு கவுன்சில் இருக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதில் சுணங்கிக் கிடந்ததால், உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தலையிட்டு இரண்டு மாதக் கெடு விதித்தது. இந்தச் சட்டத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய வரையறை ஒன்றுண்டு. துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் என்பவர் பெற்ற டிப்ளமோ அல்லது பட்டத்தின் காலம் 2,000 மணி நேரத்திற்குக் குறையக் கூடாது. அந்த மணி நேரம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள், பருவங்களாகப் பிரித்து நடத்தப்பட்டிருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரொட்டியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று மாதம் என்பது 13 வாரம். வாரத்திற்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 195 மணி நேரம். 'ஓராண்டு டிப்ளமோ' என்று சொல்லிச் சனி, ஞாயிறு மட்டும் நான்கு மணி நேரம் வகுப்பு நடத்தினால் 48 வாரத்திற்கு 384 மணி நேரம். இரண்டையும் கூட்டினாலும் 579. சட்டம் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 'டிப்ளமோவும் இருக்கிறது, மேலே சான்றிதழும் இருக்கிறது' என்று இரண்டு தாளை நீட்டும் பிள்ளைக்கு, இரண்டும் சேர்ந்து ஒரு முழுத் தாள் ஆகாது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஏன் இவ்வளவு மணி நேரம்? படித்த வர்க்கம் தன் வேலையைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலியா இது? அப்படிப்பட்ட வேலிகள் இந்த நாட்டில் ஏராளம் என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதற்கான விடை டயாலிசிஸ் அறைக்குள் இருக்கிறது.

சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குப் பொதுவாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்யப்படுகிறது. கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் இரண்டு தடித்த ஊசிகள் ஏற்றப்படும். ஒன்றின் வழியே இரத்தம் வெளியேறி வடிகலனுக்குள் போகும், மற்றொன்றின் வழியே உடலுக்குத் திரும்பும். நிமிடத்திற்கு 250 முதல் 350 மில்லிலிட்டர் வரை இரத்தம் ஓடும். இயந்திரம் தானாக ஓடுவதுபோல்தான் தோன்றும். ஆனால் அதற்கு எவ்வளவு நீரை எடுக்கச் சொல்வது என்பதில் தொடங்குகிறது தொழில்நுட்பரின் வேலை.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். உடலில் மிகை நீர் இல்லாதபோது அவர் எடை 52 கிலோ. இதை உலர் எடை என்பார்கள். இன்று 55 கிலோவாக வந்திருக்கிறார். மூன்று கிலோ கூடுதல், அதாவது மூன்று லிட்டர் நீர். முடிவில் குழாயில் நிற்கும் இரத்தத்தை உடலுக்குத் திருப்பி அனுப்ப ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் உப்புநீர் செலுத்தப்படும். அதையும் சேர்த்தால் எடுக்க வேண்டியது 3,300 மில்லிலிட்டர். நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 825. அதை 52 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ 16 மில்லிலிட்டர் வருகிறது. இது 13-ஐத் தாண்டினால் இதயத்திற்கு ஆபத்து கூடும் என்பது சிறுநீரக மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஆகவே நன்கு பயின்ற தொழில்நுட்பர் பொத்தானை அழுத்துவதற்கு முன் மருத்துவரை அழைப்பார். ஐந்து மணி நேரமாக நீட்டினால் மணிக்கு 660, கிலோவுக்கு 12.7. எல்லைக்குள் வந்துவிடும். நீட்ட முடியாவிட்டால் இன்று குறைவாக எடுத்து, அடுத்த முறை மீதியைப் பார்ப்பார்கள். முடிவு மருத்துவருடையதுதான். ஆனால் கேள்வியை எழுப்ப வேண்டியவர் தொழில்நுட்பர்.

மூன்று மாதச் சான்றிதழோடு வந்தவர் '3,300, நான்கு மணி நேரம்' என்று எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். இரண்டாவது மணி நேரத்தில் நோயாளி கொட்டாவி விடத் தொடங்குவார். வியர்க்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கண் இருளும். கொட்டாவியைத் தூக்கம் என்று நினைப்பவருக்கும், இரத்த அழுத்தம் சரிகிறது என்று அறிந்தவருக்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது. அறிந்தவர் உடனே நீர் எடுப்பதை நிறுத்துவார், தலையைத் தாழ்த்திக் கால்களை உயர்த்துவார், அங்குள்ள நெறிமுறைப்படி உப்புநீர் கொடுத்து மருத்துவரை அழைப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரத்தம் திரும்பிச் செல்லும் ஊசி கழன்றுவிட்டால், நிமிடத்திற்கு 300 மில்லிலிட்டர் வீதம் ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் இரத்தம் மெத்தையில் கொட்டிவிடும். 50 கிலோ மனிதரின் உடலில் மொத்தமே மூன்றரை லிட்டர் அளவில்தான் இரத்தம் இருக்கும். இயந்திரத்தின் அழுத்த எச்சரிக்கை எப்போதும் இதைக் கண்டுபிடித்துவிடாது. அதனால்தான் ஊசி ஏற்றிய கையைப் போர்வையால் மூட விடக் கூடாது என்பது இந்தத் துறையின் பழைய விதி. இதை ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். ஆனால் குளிர்கிறது என்று கெஞ்சும் பாட்டியிடம் உடம்பைப் போர்த்திவிட்டு அந்தக் கையை மட்டும் வெளியே வைக்கச் செய்யும் பழக்கம், மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் பல முறை நின்றால்தான் வரும்.

ஆகவே மணி நேரம் இங்கே வெற்று வேலியன்று. நூற்றைம்பது மணி நேர வகுப்பில் உண்மையான இயந்திரத்தையே பார்க்காமல் வெளியே வரும் பிள்ளையை மருத்துவமனையின் டயாலிசிஸ் பொறுப்பாளர் நான்கைந்து கேள்வியில் கண்டுகொள்வார். ஃபிஸ்டுலாவில் கை வைத்தால் என்ன உணர வேண்டும், ஆர்.ஓ. நீரில் குளோரினை ஏன், எப்போது சோதிக்க வேண்டும், ஹெபடைட்டிஸ் பி நோயாளிக்கு எந்த இயந்திரம் என்று கேட்டாலே போதும். ஃபிஸ்டுலாவில் ஓர் அதிர்வு உணரப்பட வேண்டும், இல்லையென்றால் அடைப்பு என்று பொருள். ஒரு முறை டயாலிசிஸுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் நோயாளியின் இரத்தத்தோடு மெல்லிய சவ்வின் இருபுறமும் ஓடுகிறது. அதில் குளோரின் மிஞ்சினால் சிவப்பணுக்கள் உடையும், ஆகவே நாளின் முதல் நோயாளியை ஏற்றும் முன்பே சோதனை முடிந்திருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் வேண்டும். பதில் தெரியாத பிள்ளையை மருத்துவமனை விரட்டுவதில்லை. அதைவிட மோசமானதைச் செய்கிறது. 'பயிற்சியாளர்' என்று பெயர் சூட்டி, மிகக் குறைந்த தொகைக்கோ தொகையே இல்லாமலோ வைத்துக்கொள்கிறது. இரத்தம் சிந்திய தரையைத் துடைப்பதும், பயன்படுத்திய வடிகலனைக் கழுவுவதும், கேன் தூக்குவதும் அவருக்கு வேலையாகின்றன. ஊசி ஏற்றும் கை வேறொருவருடையதாகவே இருக்கிறது. எந்த வேலையிலிருந்து தப்பிக்கப் பெற்றோர் கடன் வாங்கிப் படிக்க வைத்தார்களோ, அந்த வேலைக்கே வெள்ளைக் கோட்டு போட்டு அனுப்பிவைக்கிறது இந்தச் சான்றிதழ்.

குறுகிய காலப் பயிற்சி எல்லாமே பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. இரத்தம் எடுத்தல் அதற்கு எதிர்ச்சான்று. முறையான ஈராண்டு ஆய்வக டிப்ளமோ பெற்ற ஒருவருக்கு, உண்மையான இரத்தம் எடுக்கும் அறையில் சில வாரம் கண்காணிப்போடு பழகக் கிடைத்தால் அது வேலைக்கு நேரடியாக உதவும். ஏனெனில் அவருக்கு அடிப்படை தெரியும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற உறைவுத் தடுப்பானில் பொட்டாசியம் உப்பு இருக்கிறது என்பதை அவர் படித்திருப்பார். முதலில் ஊதாக் குழாயை நிரப்பிவிட்டு, அதிலிருந்து சிறிது சிவப்பு மூடிக் குழாய்க்கு ஊற்றினால் என்ன ஆகும் என்பது அவருக்குப் புரியும். முடிவில் பொட்டாசியம் அபாயகரமாக உயர்ந்தும் கால்சியம் தாழ்ந்தும் தெரியும். நோயாளி நன்றாக இருக்க, தாள் மட்டும் அவர் சாகப்போவதாகச் சொல்லும். பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி இரண்டும் சேர்ந்து வந்தால் நோயாளியைவிடக் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த அடிப்படை இல்லாதவருக்கு ஒரு மாதச் சான்றிதழ் குத்தக் கற்றுத் தரும், ஏன் என்று கற்றுத் தராது. டயாலிசிஸ் நோயாளியின் ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்தம் எடுக்கக் கூடாது, அழுத்தப் பட்டையும் கட்டக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்தக் கைதான் அந்த நோயாளியின் உயிர்நாடி.

அறுவை அரங்குச் சான்றிதழ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீராவிக் கலனில் 121 பாகை வெப்பத்தில் கருவிகளைத் தூய்மை செய்வது பற்றிப் படம் போட்டு விளக்கிவிடலாம். ஆனால் பொட்டலத்தின் வெளியே ஒட்டிய நாடா நிறம் மாறியிருந்தால், பொட்டலம் கலனுக்குள் போய் வந்தது என்பது மட்டுமே தெரியும். உள்ளே நுண்ணுயிர் அழிந்ததா என்பதை உள்ளே வைத்த காட்டியும், குறித்த இடைவெளியில் செய்யும் வித்துச் சோதனையும்தான் சொல்லும். அந்த நாடாவைப் போன்றதுதான் நாம் பேசும் சான்றிதழும். பிள்ளை ஒரு கட்டடத்திற்குள் போய் வந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே.

இனி அரசு வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் டயாலிசிஸ் டெக்னீசியன், தியேட்டர் உதவியாளர், ஆய்வக நுட்புநர் ஆகிய பணியிடங்களை நிரப்புகிறது. அதன் அறிவிக்கையில் 'கல்வித் தகுதி' என்ற பத்தியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும். எந்தப் படிப்பு, எத்தனை காலம், எந்த நிறுவனத்தில் என்று மூன்றும் அங்கே இருக்கும். இத்தகைய பணிகளுக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, உரிய தொழில்நுட்பப் படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்களைக் கூட்டித் தரவரிசை போடும் முறையை வாரியம் பின்பற்றி வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் மேலே ஒட்டவைத்த சான்றிதழுக்கு இடமே இல்லை. அது ஒன்றானாலும் ஐந்தானாலும் கூடும் மதிப்பெண் சுழியம்தான்.

இந்தச் சுழியத்திற்கு ஒரு குடும்பம் என்ன விலை கொடுக்கிறது? கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 900, ஆண்டுக்கு 10,800. அசல் அப்படியே நிற்கும். இரண்டாம் தவணை கட்ட முடியாதபோது நிறுவனம் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கட்டணப் பாக்கிக்காகக் கல்விச் சான்றிதழை அடகுபோல் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கேட்பவர்கள் குறைவு என்பதே அந்த நிறுவனங்களின் துணிவு.

ஏன் நம் பிள்ளைகள் அரசுக் கல்லூரியின் ஓராண்டுப் படிப்பைத் தவறவிடுகிறார்கள்? விண்ணப்பம் எப்போது வருகிறது என்று தெரிவதில்லை. சுவரொட்டி வீட்டு வாசலுக்கு வருகிறது, தேர்வுக் குழுவின் அறிவிப்போ இணையத்தில் சில நாள் தோன்றி மறைகிறது. இடங்களும் போதுமான அளவில் இல்லை. ஆகவே இது தனி மனிதரின் அறியாமை பற்றிய கதை மட்டும் அன்று.

இதற்குள் இன்னொரு கதவும் சாத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம், அரசு - தனியார் கூட்டு முறையை முன்வைத்தது. மாவட்ட மருத்துவமனையின் இடமும் மின்சாரமும் தண்ணீரும் அரசுடையவை. இயந்திரமும் ஆட்களும் தனியார் நிறுவனத்துடையவை. ஏழை நோயாளிக்கு வீட்டருகே டயாலிசிஸ் கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அங்கே வேலை செய்யும் தொழில்நுட்பர் அரசு ஊழியர் அல்லர். ஆகவே இடஒதுக்கீடு இல்லை, இனச்சுழற்சி இல்லை, பணிப் பாதுகாப்பும் இல்லை. அரசு மருத்துவமனைக் கட்டடத்திற்குள்ளேயே, அரசுப் பணத்தில், இடஒதுக்கீடு இல்லாத ஓர் அறை உருவாகியிருக்கிறது. 69 விழுக்காடு அந்த அறையின் கதவு வரைக்கும்தான்.

அப்படியானால் டிப்ளமோ முடித்து நிற்கும் பிள்ளை இன்று என்ன செய்வது? பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் பெற வேண்டிய விடைகள் மூன்று உண்டு. சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு எந்தச் சட்டத்தின் அல்லது அரசாணையின் கீழ் அமைந்தது? மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் மருத்துவமனையில் எத்தனை? எந்த மருத்துவமனை, அங்கே எத்தனை இயந்திரம், யாருடைய மேற்பார்வை? மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் நேரில் போய், அங்கே இப்போது பயிற்சி பெறும் மாணவரைப் பார்த்துப் பேசுங்கள். நான்காவதாக ஒரு குறுக்குக் கேள்வியும் உண்டு. 'இந்தப் படிப்புக்குப் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை கிடைக்குமா?' பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான அந்த உதவித்தொகை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்கே தரப்படும். 'அதெல்லாம் இங்கே கிடையாது' என்று பதில் வந்தால், அங்கீகாரத்தைப் பற்றிய விடையும் அதிலேயே இருக்கிறது.

ஏற்கெனவே சில ஆண்டுகளாக மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் பணி அனுபவத்தை ஆவணமாக்கிக்கொள்ள வேண்டும். 2021 சட்டம் அது நடைமுறைக்கு வந்தபோது பணியில் இருந்தோர் பதிவு செய்துகொள்ள இடம் தருகிறது. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, எந்தப் பிரிவில் என்ன பணி என்று குறிப்பிடும் அனுபவச் சான்று ஆகியவை இல்லாவிட்டால், பத்தாண்டு ஊசி ஏற்றிய கையும் பதிவேட்டில் இல்லாத கையாகிவிடும். 'ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட்' என்று பொதுவாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். 'டயாலிசிஸ் பிரிவில், இந்த நாள் முதல் இந்த நாள் வரை' என்று எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசிடம் நாம் கேட்பவை நான்கு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஓராண்டுச் சான்றிதழ் பெற்றவர்களின் நிலை, ஈராண்டு, 2,000 மணி நேரம் கோரும் புதிய சட்டத்தில் என்னவாகும் என்பதை அரசாணையால் தெளிவுபடுத்த வேண்டும். அரசை நம்பிப் படித்தவர் தெருவில் நிற்கக் கூடாது. அடுத்து, குறையும் மணி நேரத்தை மாவட்ட அரசு மருத்துவமனைகளில், உதவித்தொகையோடு கூடிய இணைப்புப் பயிற்சியாக நிறைவு செய்ய வழி திறக்க வேண்டும். சான்றிதழ் வியாபாரி இன்று விற்பதை அரசு இலவசமாகவும் உண்மையாகவும் தந்தால், அந்தக் கடை தானாக மூடும். மூன்றாவதாக, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தமிழில், மாவட்ட வாரியாக, ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் தேர்வு முடிவு வரும் நாளிலேயே ஒட்ட வேண்டும். நான்காவதாக, அரசுக் கட்டடத்தில் ஒப்பந்தத்தில் நடக்கும் ஒவ்வொரு டயாலிசிஸ் மையத்தின் ஒப்பந்தத்திலும் இடஒதுக்கீட்டு விதியைச் சேர்க்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் அந்தப் பணியிடங்களை அரசே நிரப்ப வேண்டும்.

இரத்தத்தைத் தீட்டு என்றும், அதைத் தொடுபவரைத் தீண்டத்தகாதவர் என்றும் சொன்ன சமூகம் இது. பிள்ளைப்பேற்றுக்கு உதவிய கைகளுக்கும், பிணத்தைத் தூக்கிய கைகளுக்கும் இழிவைக் கூலியாகக் கொடுத்தது. இன்று அதே இரத்தத்தைக் கையாள்வது அறிவியலாகவும் மதிப்புள்ள தொழிலாகவும் ஆனபிறகு, அந்தத் தொழிலின் உண்மையான கல்வி ஒரு சாராருக்கும், அதன் போலித் தாள் நம் பிள்ளைகளுக்கும் என்று பங்கு பிரிக்கப்படுகிறது. ஊசியைப் பிடிக்கவும், கணக்கைப் போடவும், மருத்துவரிடம் 'இந்த அளவு நீர் எடுப்பது ஆபத்து' என்று சொல்லவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட வேண்டும். அந்தக் கல்வியைத் தரும் பொறுப்பு அரசுடையது. அதுவரை, பேருந்து நிலையச் சுவரொட்டியின் கீழ் நின்று அலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளும் பிள்ளையை நிறுத்தி, அந்த மூன்று கேள்விகளையும் சொல்லி அனுப்பும் வேலை நம்முடையது.